முடியைப் பார்த்தோம், கயிற்றைப் பார்க்கவில்லை

2019 ஜூலை 23 அன்று சென்னை அரும்பாக்கத்தில், பெரம்பூருக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே ஓடும் 29-இ பேருந்தில் வந்த பச்சையப்பன் கல்லூரி மாணவர்களை, அதே கல்லூரியின் இன்னொரு கோஷ்டி அரிவாளோடு துரத்தித் துரத்தி வெட்டியது. பட்டப்பகல், நடுரோடு. செல்போனில் யாரோ எடுத்த சில நொடிக் காட்சி அன்று மாலைக்குள் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘ரூட்டு தல’ என்ற சொல்லை அதுவரை கேள்விப்பட்டிராத எங்கள் ராஜபாளையம் பக்கத்து டீக்கடைகளிலும் மறுநாள் காலையில் அதே பேச்சுதான்.

எட்டு நாள் கழித்து, ஜூலை 31 அன்று, பள்ளிக் கல்வி இயக்குநர் அலுவலகத்திலிருந்து மாவட்டங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. சில பள்ளிகளில் மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என நிறம் நிறமாகக் கையில் கயிறு கட்டி, தங்கள் சாதி இன்னதென்று காட்டிக்கொள்கிறார்கள். விளையாட்டுக்கு ஆள் எடுப்பதும், சாப்பாட்டு இடைவேளையில் கூடி உட்கார்வதும் அந்த நிறத்தை வைத்துத்தான் நடக்கிறது. பயிற்சியில் இருந்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் கண்டு எழுதியதன் பேரில், அத்தகைய பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்கும்படி அந்தச் சுற்றறிக்கை சொன்னது.

முதல் செய்தி வாரக்கணக்கில் ஓடியது. இரண்டாவது செய்தி எதிர்ப்பு கிளம்பியதும் அடங்கிப்போனது. கயிறும் திலகமும் இந்துக்களின் வழக்கம், அதில் கை வைக்கக் கூடாது என்று பா.ஜ.க.வின் எச்.ராஜா கண்டித்தார். அந்தச் சுற்றறிக்கை தன் கவனத்துக்கு வரவில்லை, பழைய நிலையே தொடரும் என்று அன்றைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் ஆகஸ்டு நடுவிலேயே சொல்லிவிட்டார்.

இரண்டுமே இளைஞர்களைப் பற்றியவை. இரண்டிலும் அடையாளம் உண்டு, கூட்டம் உண்டு, அரிவாளும் உண்டு. ஆனால் ஒன்றைக் கண்டு மாநிலமே அலறியது, மற்றொன்றை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அலற வேண்டிய இடத்தை ஊடகமும் நாமும் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைத் தென்மாவட்டத்தில் பிள்ளை வளர்க்கிறவர்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

முதலில் ரூட்டு தல. சென்னையின் பெரிய அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளான பச்சையப்பனுக்கும் மாநிலக் கல்லூரிக்கும் நகரின் ஓரங்களிலிருந்தும், திருத்தணி, கும்மிடிப்பூண்டி வரையிலிருந்தும் பையன்கள் பேருந்திலும் மின்சார ரயிலிலும் வருகிறார்கள். பெரும்பாலும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஒரே தடத்தில் தினமும் சேர்ந்து வருகிறவர்கள் ஒரு குழுவாகிறார்கள். அதில் மூத்தவன் ‘தல’. படிக்கட்டில் தொங்குவது, பேருந்தின் தகரத்தைத் தட்டிக் கானா பாடுவது, புதிதாகச் சேர்ந்த பையனை வேறு கல்லூரிக்காரன் சீண்டினால் கேட்கப் போவது, எல்லாம் அந்தத் தடத்தின் பெயரில் நடக்கும். ஆண்டுக்கொரு முறை பேருந்துக்கு மாலை போட்டு, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் பரிசு கொடுத்து நன்றி சொல்லும் ‘பஸ் டே’யும் அவர்களுடையதுதான். அது வரவரப் போக்குவரத்தை மறிக்கும் ஆட்டமாக மாறி, மோதலாகவும் வெடித்ததால் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடை செய்தது.

கல்லூரிகளுக்கு இடையிலும், ஒரே கல்லூரியின் தடங்களுக்கு இடையிலும் பகை இருந்தது நிஜம். கத்தி எடுத்ததும் நிஜம். 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே தாக்கப்பட்டு, சில நாளில் உயிரிழந்தார். ஒரு தாய்க்குப் பிள்ளை போனது போனதுதான். அதைச் சின்ன விஷயம் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஊடகம் மிகைப்படுத்துகிறது என்று சொன்னால், நடந்ததே பொய் என்று சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. நடந்தது எவ்வளவு, அதன் பேரில் நாம் பயந்தது எவ்வளவு, அந்தப் பயத்தில் யார் யாரைத் தண்டித்தோம் என்ற கணக்குத்தான் இங்கே கேள்வி.

இந்தக் கணக்கை முதன்முதலில் ஒழுங்காகப் போட்டவர் ஸ்டான்லி கோஹன். தென்னாப்பிரிக்காவில் பிறந்து லண்டனில் ஆய்வு செய்த சமூகவியலாளர். 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் என்ற சின்னக் கடற்கரை ஊரில் நடந்ததுதான் அவர் எடுத்துக்கொண்ட சம்பவம். கடுங்குளிர், மழை. கடைக்காரர்களுக்கு வியாபாரம் இல்லாத எரிச்சல், லண்டனிலிருந்து வந்த பையன்களுக்குப் பொழுது போகாத எரிச்சல். சில கடைகளில் இவர்களுக்குப் பரிமாற மாட்டார்களாம் என்று வதந்தி கிளம்பியது. தள்ளுமுள்ளு, கல்லெறி, ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் மேலும் கீழும் உறுமிக்கொண்டு ஓட்டம், சில ஜன்னல்கள் உடைப்பு. 97 பேர் கைதானார்கள். ஊருக்கு ஏற்பட்ட சேதம் ஏறத்தாழ 513 பவுண்டு என்று கணக்கிட்டார்கள். கைதானவர்களில் வன்முறைக் குற்றம் சுமத்தப்பட்டவர்கள் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்தார்கள்.

மறுநாள் ஒரு நாளிதழைத் தவிர, நாட்டின் எல்லாத் தேசிய நாளிதழ்களிலும் அதுவே தலைப்புச் செய்தி. பயங்கர நாள், ஊரையே அடித்து நொறுக்கினார்கள், கடற்கரை மீது படையெடுப்பு என்ற தொனியில் எழுதினார்கள். பையன்களை ‘மாட்ஸ்’ என்றும் ‘ராக்கர்ஸ்’ என்றும் இரண்டு பகைப் படைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் அந்தப் பிரிவினை அவ்வளவு அழுத்தமாக இல்லை என்கிறார் கோஹன். பத்திரிகை படித்த பிறகுதான் தான் எந்தப் பக்கம் என்று பல பையன்களுக்கே தெரிந்தது. அடுத்த விடுமுறைக்கு எந்த ஊரில் கலவரம் வரும் என்று பத்திரிகைகள் முன்கூட்டியே எழுத, அந்த ஊருக்குப் போலீஸ் குவிந்தது, கேமரா குவிந்தது, வேடிக்கை பார்க்கக் கூட்டம் குவிந்தது. வந்த பையன்கள், தங்களிடம் எதிர்பார்க்கப்பட்டதைச் செய்து காட்டினார்கள். இந்த வட்டத்தைத்தான் 1972-ல் வெளியான தன் நூலில் கோஹன் விரித்து எழுதினார். ஒழுக்கப் பீதி என்று இன்று நாம் சொல்வதற்கு அதுதான் அடிப்படை நூல்.

அந்த நூலில் வரும் ஒரு பையனின் கதை எனக்கு மறப்பதே இல்லை. அந்த ஆண்டு இன்னொரு கடற்கரை ஊர் நீதிமன்றத்தில் 75 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டபோது, காசோலையாகக் கொடுத்துவிடுகிறேன் என்று அவன் சொன்னான். பணத்திமிர் பிடித்த இளைஞர் கூட்டம் என்பதற்கு ஆதாரமாக அந்த ஒரு பேச்சை நாடே பிடித்துக்கொண்டது. நான்கு ஆண்டு கழித்தும் அதை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவன் கையில் 75 பவுண்டும் இல்லை, அவன் பேரில் வங்கிக் கணக்கும் இல்லை. வாழ்நாளில் ஒரு காசோலையில் கையெழுத்துப் போட்டவனும் இல்லை. கூண்டில் நிற்கும்போது முகம் வாடாமல் இருக்கச் சொன்ன வீம்புப் பேச்சு அது. மூன்று நாளில் அவனே அதை ஒப்புக்கொண்டும் விட்டான். ஆனால் வீம்பு செய்தியானது, ஒப்புக்கொண்டது செய்தியாகவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 2019 ஜூன் 17 அன்று, கல்லூரி திறந்த நாளில், தடையை மீறி ‘பஸ் டே’ கொண்டாடிய மாணவர்கள் ஒரு பேருந்தின் கூரை மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் போன இருசக்கர வாகனம் நின்றதும் ஓட்டுநர் பிரேக் போட, கூரையிலிருந்து கொத்தாகச் சறுக்கிச் சாலையில் விழுந்தார்கள். உயிருக்குச் சேதமில்லை. நாடு முழுக்க அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். ஒரு மாதம் கழித்து அரும்பாக்கம் நடந்தது. கூரையில் ஏறிய விளையாட்டும் அரிவாள் வெட்டும் வெவ்வேறு ஆட்கள் செய்த வெவ்வேறு தரத்துக் காரியங்கள். ஆனால் தொலைக்காட்சியில் இரண்டும் ஒரே தொகுப்பில் ஒட்டப்பட்டு ஓடின. ஒரு சில நொடிக் காட்சி ஒரு மாலைக்குள் பத்து இருபது தடவை ஓடினால், பார்க்கிறவர் மனதில் அது பத்து இருபது சம்பவமாகத்தான் பதியும். பழைய ஆண்டுகளின் மோதல் காட்சிகளையும் நடுநடுவே சேர்த்தால், தேதி எதுவென்று யாரும் கேட்பதில்லை.

ஒரு நாளில் அந்தக் கல்லூரிகளுக்கு எத்தனை ஆயிரம் பேர் சத்தமில்லாமல் வந்து, படித்து, வீடு திரும்புகிறார்கள் என்ற எண் எந்தச் செய்தியிலும் இல்லை. அந்த எண் பக்கத்தில் இருந்தால்தான் வெட்டியவர்கள் எவ்வளவு பேர் என்பதற்கு ஓர் அளவு கிடைக்கும். பச்சையப்பன் 1842-ல் தொடங்கிய கல்லூரி, அண்ணா படித்த இடம். ஆனால் அந்த வாரங்களில் அந்தக் கல்லூரியின் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுப் பேருந்தில் ஏறிய ஒவ்வொரு பையனும் அரிவாள் வைத்திருப்பவனாகவே பார்க்கப்பட்டான்.

அடுத்தது போலீஸ். ரூட்டு தல என்று பெயர் குறிக்கப்பட்ட மாணவர்களைக் கூப்பிட்டு, குற்ற விசாரணை முறைச் சட்டத்தின்படி நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கினார்கள். இன்ன காலத்துக்கு அமைதியைக் குலைக்க மாட்டேன் என்று எழுதித் தருவது அது. மீறியதாக முடிவு செய்தால், பிணைக் காலத்தின் மிச்ச நாள்களுக்குச் சிறையில் அடைக்கலாம். செய்த குற்றத்துக்காக இல்லாமல், செய்யக்கூடும் என்ற சந்தேகத்துக்காக வாங்கப்படும் பிணை என்பதால் அதை மிகக் கவனமாகக் கையாள வேண்டும். சென்னையில் அந்தப் பிணையை வாங்கும் அதிகாரம், நடுவரிடம் இல்லாமல் காவல் துணை ஆணையர்களிடமே இருந்தது. அதாவது, சந்தேகப்பட்டவரும் தீர்ப்புச் சொன்னவரும் ஒரே துறை. காவல் துறைக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது. அதிகாரங்களைப் பிரித்து வைக்கும் அரசியல் சட்ட ஏற்பாட்டுக்கு அவை முரணானவை என்பது தீர்ப்பு. 2019-ல் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. பயந்துபோன ஊர் நடைமுறையைக் கேட்காது.

இதைவிட என்னை வருத்துவது வேறு. அந்த ஆண்டுகளில் கைதான பையன்கள் கையில் மாவுக்கட்டோடு வரிசையாக நிற்கும் படங்கள் செய்தியாயின. தப்பி ஓடும்போது விழுந்தார்கள், கழிவறையில் வழுக்கி விழுந்தார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அது உண்மையல்ல என்று படிக்கிறவருக்குத் தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும். தெரிந்தே சிரித்தோம். வாட்ஸ்அப்பில் அனுப்பி மகிழ்ந்தோம். சில செய்திகள் அந்தச் சிரிப்பைத் தலைப்பிலேயே வைத்தன. 2020 ஜூனில், சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடித்துச் சிதைக்கப்பட்டு உயிரிழந்தபோது, அதே தமிழ்நாடு பதறித் துடித்தது. துடித்தது சரி. ஆனால் காவல் நிலையத்துக்குள் அடிக்கலாம், அடித்தால் ஊர் கைதட்டும் என்ற துணிச்சலை, அதற்கு முந்தைய ஆண்டு நாம்தான் மாவுக்கட்டுப் படங்களின் கீழே எழுதிக் கொடுத்தோம் என்று நான் நினைக்கிறேன். யாரோ ஒரு கூட்டத்தைப் பேயாக்கிய பிறகு அந்தக் கூட்டத்துக்கு நடக்கும் அநீதி நம் கண்ணுக்கு அநீதியாகத் தெரியாது. பீதியின் முதல் பலி அதுதான்.

இந்தக் காலத்தில்தான் ‘புள்ளிங்கோ’வும் வந்தது. வடசென்னைக் கானா பாடகர் ஸ்டீபனின் பாட்டு ஒன்று பரவி, நண்பர் கூட்டத்தைக் குறிக்கும் அந்தச் சொல் ஊரெல்லாம் ஒலித்தது. கொஞ்ச நாளில் அதற்கு ஓர் உருவம் கொடுத்தார்கள். செம்பட்டையாக்கிய முடி, காதுக்கு மேல் மழித்த ‘பாக்ஸ் கட்டிங்’, ஒட்டிய பேன்ட், மூன்று பேர் ஏறிய ஸ்கூட்டர். ஒரு சொல் முதலில் ஒரு கூட்டத்தைக் குறிக்கும், அடுத்து உடையும் முடியும் அந்தச் சொல்லைக் குறிக்கும், கடைசியில் அந்த முடியே குற்றத்தின் சாட்சியாகிவிடும். இந்த மூன்று படியையும் கோஹன் 1964-ல் அங்கே பார்த்தார். நாம் இங்கே பார்த்தோம். நகைபறிப்பு வழக்கில் சிக்கியவன் முடிக்குச் சாயம் பூசியிருந்தால் தலைப்பில் ‘புள்ளிங்கோ’. அதே வழக்கில் சிக்கியவன் எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவியிருந்தால், முடியைப் பற்றிப் பேச்சே இல்லை.

சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது எங்கள் பகுதி. இங்கே ரூட்டு தல கிடையாது, கல்லூரிக்குக் கல்லூரி பேருந்துச் சண்டை கிடையாது. ஆனாலும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. ராஜபாளையம் சலூனில் முடிக்குச் சாயம் ஏற்றிக்கொண்டு சோழபுரத்துக்குத் திரும்பும் பையன், பஞ்சாலைக்குப் போகும் அப்பாவின் மகனாக இருப்பான், அல்லது சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் வீட்டுப் பிள்ளையாக இருப்பான். லீவு நாளில் பந்தல் வேலைக்கோ கல்யாண வீட்டில் பந்தி பரிமாறவோ போய்ச் சம்பாதித்த காசில், திருவிழாவுக்காக ஆசையாய்ச் செய்துகொண்டது அது. தெருவில் நடந்தால் அவன் காதுபடவே புள்ளிங்கோ என்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டக் கூட்டத்தில் பாதுகாப்புக்கு நிற்கும் காவலரின் கண் முதலில் போவது அந்தத் தலைக்குத்தான். பள்ளி திறந்தால் முதல் வேலை முடி. மாநிலத்தின் பல இடங்களில் தலைமையாசிரியர்கள் முடிதிருத்துவோரைப் பள்ளிக்கே வரவழைத்து மாணவர்களை வரிசையில் உட்கார வைத்து வெட்டிவிட்ட படங்கள், நல்ல காரியமாகவே செய்தியாயின.

பள்ளிக்கு ஒழுங்கு வேண்டும். தலையைச் சீராக வைத்துக்கொண்டு வரச் சொல்வதில் தவறில்லை. ஆனால் ஓர் ஆசிரியருக்கு நாளில் இருக்கும் கவனம் இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. அது முழுக்கத் தலையில் போனால் கைக்கு மிச்சம் இருக்காது.

கைக்கு வருகிறேன். சாதிக் கயிறு என்றால் சாமி கயிறு அல்ல. திருப்பதிக் கயிறு, காப்புக் கட்டிய மஞ்சள் கயிறு எல்லாம் யார் கையிலும் இருக்கும். இது வேறு. குறிப்பிட்ட இரண்டு நிறம், குறிப்பிட்ட முறுக்கு. ஒரு சாதிக் கட்சியின் கொடியிலோ தலைவர் படம் போட்ட பிளெக்சிலோ இருக்கும் அதே நிறச் சேர்க்கை. வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவன் எந்தத் தெரு என்று கேட்க வேண்டியதில்லை, மணிக்கட்டைப் பார்த்தால் போதும். சைக்கிளுக்குப் பூசிய பெயிண்டிலும், நெற்றியில் வைத்த பொட்டின் வடிவத்திலும், மோதிரத்திலும், செல்போன் ஸ்டேட்டஸில் வைத்த பாட்டிலும் இது தொடர்கிறது. ஓர் இளைஞர் கூட்டத்துக்கு உடை, நிறம், பாட்டு, நாயகன், எதிரி எல்லாம் இருந்தால் அதைத் தனிப் பண்பாடு என்று சொல்வோமென்றால், தென்மாவட்டங்களில் முழுமையாக வளர்ந்த இளைஞர் பண்பாடு இதுதான்.

இதைக் கண்டு ஏன் பீதி கிளம்பவில்லை? பீதிக்கு ஓர் அயலான் தேவை. செம்பட்டை முடிக்காரன் எங்கேயோ சேரியிலிருந்து வந்தவன், நம் வீட்டுப் பிள்ளையைக் கெடுக்க வந்தவன் என்று கதை கட்ட முடிகிறது. கயிறு கட்டியவனை அப்படிச் சொல்ல முடியாது. அவன் தங்கச்சி மகன், மச்சினன் மகன். அவன் கையிலிருக்கும் நிறத்தை அவன் கண்டுபிடிக்கவில்லை. அப்பாவின் தோள் துண்டிலிருந்தும், ஊர் முகப்பில் நட்ட கம்பத்திலிருந்தும், கட்சிக்காரர் வாங்கிக் கொடுத்த பனியனிலிருந்தும் எடுத்துக்கொண்டான். அதைக் கண்டு பயப்பட வேண்டுமென்றால் பெரியவர்கள் தங்களைக் கண்டே பயப்பட வேண்டும். மாவட்டச் செய்தியாளரும் அதே ஊரில்தான் குடியிருக்கிறார், அவருக்கும் ஒரு தெரு இருக்கிறது. ஆகவே வெட்டு விழுந்தால் ‘முன்விரோதம்’ என்று ஒரு சொல்லில் முடிகிறது. அந்தச் சொல்லுக்குள் எந்த நிறம் இருந்தது என்று எழுதப்படுவதே இல்லை.

அடையாளத்தை மட்டும் அழித்தால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் மாவட்டமே சாட்சி. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. தலித் வீரர் ஒருவரின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு கிளம்பி, தென்மாவட்டங்கள் பற்றியெரிந்தன. அந்த ஆண்டு ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. பேருந்தின் நெற்றியில் இருந்த பெயர் போனது. பகை பேருந்தோடு போகவில்லை, கீழே இறங்கிப் பிள்ளைகளின் கைக்கு வந்தது.

2023 ஆகஸ்டு 9 இரவு நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த மாணவர்கள். அதற்கு முன்பு அவரைத் தொடர்ந்து ஏவி, இழிவு செய்து, பள்ளிக்கே வர முடியாதபடி செய்திருந்தார்கள். விவரம் கேட்ட ஆசிரியரிடம் அவர் நடந்ததைச் சொன்னார். சொன்னதற்குத்தான் வெட்டு. 2019 சுற்றறிக்கை எழுதப்பட்ட விதத்திலேயே நடைமுறைக்கு வந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் சாதி பார்த்துக் கூடுவது, சாதி பார்த்து ஒதுக்குவது என்று எச்சரிக்கை மணி அடித்த இடம் இதுவே, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அடித்தது, நாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூன் 18 அன்று 610 பக்க அறிக்கையைக் கொடுத்தது. அதில் கயிறு, மோதிரம், பொட்டு முதலிய சாதிக் குறிகளுக்குத் தடை, சாதி நிறம் பூசிய சைக்கிளில் வரக் கூடாது என்ற பரிந்துரை உண்டு. அவற்றோடு, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை இடம் மாற்றுவது, பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை எடுப்பது, மாணவர் எண்ணிக்கை 500-க்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை நியமிப்பது என்று பெரியவர்களையும் நிர்வாகத்தையும் தொடும் பரிந்துரைகளும் இருந்தன. விவாத மேடைகளில் எது பேசப்பட்டது? பொட்டும் கயிறும் மட்டும்தான். மறுபடியும் பையனின் உடம்பில் இருக்கும் ஒரு பொருளைச் சுற்றியே சண்டை. கயிற்றை அறுத்தால் சாதி அறுந்துவிடும் என்று நம்புவதும், முடியை வெட்டினால் குற்றம் குறைந்துவிடும் என்று நம்புவதும் ஒரே நோய். இங்கே அபாயம் நிஜமாக இருப்பதால், குறியைத் துரத்துவது இன்னும் ஆபத்தானது. கயிற்றைக் கழற்றச் சொன்னால் ஒரு வாரத்தில் அது மோதிரமாகும், மோதிரத்தைப் பிடுங்கினால் செல்போனில் பாட்டாகும். பிடுங்கியவருக்குக் கடமை முடிந்த நிம்மதி வந்துவிடும்.

அப்படியானால் எது வெற்றுப் பீதி, எது உண்மை அபாயம் என்று பத்திரிகை படிக்கிறவர் எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பழகிக்கொண்ட வழியைச் சொல்கிறேன். செய்தியில் செயலைப் பற்றிய வரிகள் அதிகமா, தோற்றத்தைப் பற்றிய வரிகள் அதிகமா என்று முதலில் பார்ப்பேன். யார், யாரை, எப்போது, எதற்காக என்பவை மங்கலாக இருந்து முடியும் உடையும் பளிச்சென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். படத்தின் தேதியைத் தேடுவேன். ‘அதிகரித்து வருகிறது’ என்று எழுதியிருந்தால் எதிலிருந்து எதுவரை என்று எண் இருக்கிறதா என்று பார்ப்பேன், பெரும்பாலும் இருக்காது. காவல் துறை கொடுத்த விவரத்தைத் தவிர, அந்தப் பையனின் வீட்டிலோ வகுப்பிலோ யாரிடமாவது பேசியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். அடுத்து உங்கள் ஊருக்கும் வரலாம் என்று செய்தி முடிந்தால், செய்தி அங்கே முடிந்து ஆரூடம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

உண்மை அபாயத்தின் சாயல் வேறு. அது பெரும்பாலும் காட்சி இல்லாமல் வரும். பத்து நாளாகப் பள்ளிக்கு வராத மாணவனாக வரும். கழிப்பறைச் சுவரில் எழுதிய ஒரு பெயராக வரும், இடைவேளையில் மரத்தடியில் தனித்தனியாகப் பிரிந்து உட்கார்ந்த இரண்டு வட்டங்களாக வரும், கபடி அணியில் ஒரு தெருப் பையன்களே இல்லாத பட்டியலாக வரும். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவரை இறக்கி வெட்டி விரல்களைத் துண்டித்தார்கள். அரும்பாக்கத்தைப் போல அதுவும் பேருந்தை மறித்து நடந்ததுதான். அதன் பின்னணியில் பேசப்பட்டது ஒரு கபடிப் போட்டி. அந்தப் போட்டி நடந்த அன்று எந்தச் செய்தியாளரும் அங்கே போயிருக்க முடியாது, சரி. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள். யார் ஜெயித்தது, ஜெயித்தவனை யார் முறைத்தது, அதன் பிறகு அவன் எந்தப் பேருந்தில் பள்ளிக்குப் போகிறான் என்றெல்லாம் ஊரில் யாருக்காவது தெரிந்திருக்கும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிள்ளைகளின் தலைமுடிக்காகக் கூட்டப்படும் பெற்றோர் கூட்டங்களில் இந்தக் கேள்விகளை யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். இந்த வருடக் கபடி அணியில் எந்தெந்தத் தெருப் பையன்கள் இருக்கிறார்கள், யார் இல்லை, ஏன் இல்லை?